காப்பியில் நெய்: எந்த ஸ்பூன்?

வணக்கம். மூன்று மாதமாகக் காலைக் காப்பியில் ஒரு ஸ்பூன் நெய் விட்டுக் குடிக்கிறேன். பசி எடுக்காது, எடை குறையும் என்றார்கள். எனக்கு ஒரு கிலோவுக்கு மேல் கூடியிருக்கிறது. பால், சர்க்கரை, டிபன் எல்லாம் பழையபடிதான். ஒரு ஸ்பூனுக்கா இவ்வளவு? வெண்ணெய்க்கு மாறினால் சரியாகுமா?
– ஒரு வாசகி, ஈரோடு

அன்புள்ள சகோதரிக்கு,

எந்த ஸ்பூன் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. சர்க்கரை டப்பாவில் கிடக்கும் டீஸ்பூனில் உருகிய நெய்யைத் தலைதட்டி எடுத்தால் 5 கிராமுக்குள் நிற்கும். சுமார் 40 கலோரி. சாப்பிடுகிற ஸ்பூனில் உறைந்த நெய்யைக் குவித்து அள்ளினால் சாதாரணமாக 15 கிராம் வந்துவிடும். நெய் முழுக்கக் கொழுப்பு, கிராமுக்கு 9 கலோரி. ஆக 130 கலோரிக்கு மேல், இரண்டு இட்லிக்குச் சமம்.

உங்களுடையது எது என்று அறியத் தராசு தேவையில்லை. காப்பிக்கென்று அரை லிட்டர் பாட்டில் ஒன்றைத் தனியாக வைத்து, திறந்த தேதியை மூடியில் எழுதுங்கள். அதில் ஏறக்குறைய 455 கிராம் நெய் இருக்கும். ஒரே மாதத்தில் காலியானால் நாளைக்கு 15 கிராம் போகிறது. மூன்று மாதம் வந்தால் 5 கிராம்தான்.

தினம் 130 என்றால் 90 நாளில் 11,700 கலோரி. ஒரு கிலோ உடல் கொழுப்புக்குச் சுமார் 7,700 என்று வைத்தால் ஒன்றரை கிலோ ஆகிறது. உடம்பு இப்படிக் கறாராகக் கணக்குப் பார்ப்பதில்லை, கொஞ்சம் முன்பின் ஆகும். ஆனாலும் நீங்கள் சொன்ன எடைக்கு இதுவே போதுமான காரணம்.

அமெரிக்காவில் டேவ் ஆஸ்ப்ரே பரப்பிய வெண்ணெய்க் காப்பியில் பாலும் கிடையாது, சர்க்கரையும் கிடையாது. காலை டிபனுக்குப் பதிலாகக் குடிப்பது அது. நம் வீட்டில் பாலும் சர்க்கரையும் சேர்ந்த காப்பியே 100 கலோரி இருக்கும். அதன் மேல் நெய், அப்புறம் வழக்கமான இட்லி. எதுவும் குறையாமல் ஒன்று மட்டும் கூடியிருக்கிறது. அதற்காக இட்லியை விட்டுவிடாதீர்கள். இட்லி, சாம்பாரில் கிடைக்கும் புரதம் நெய்யில் இல்லை, வெறும் நெய்க் காப்பியால் நெடுநேரம் தாங்கவும் முடியாது.

வெண்ணெயில் ஐந்தில் ஒரு பங்கு பெரும்பாலும் தண்ணீர். அதே 15 கிராமில் 25 கலோரி போலக் குறையும், அவ்வளவுதான். கடையில் வாங்கும் உப்பு வெண்ணெய் என்றால் காப்பியில் உப்பும் ஏறும்.

இரண்டிலும் பாதிக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு. ரத்தப் பரிசோதனையில் எல்டிஎல் என்ற கெட்ட கொலஸ்ட்ரால் கூடுதல் என்று வந்திருந்தால் காப்பி நெய்யை இன்றே நிறுத்திவிடுங்கள். இல்லையென்றால் டீஸ்பூனுக்கு மாறி, அந்த நெய்யைச் சூடான இட்லியின் மேல் விட்டுக்கொள்ளுங்கள். காப்பியில் எண்ணெய்க் கண்ணாக மிதந்து உதட்டில் ஒட்டுவதற்கு, இட்லியில் அதன் மணமாவது தெரியும்.