1,142 சரிதான், 75 காசு சரியில்லை

கேள்வி: ஐயா, நான் சுங்கை சிப்புட்டில் வசிக்கும் ஓய்வுபெற்ற தமிழ்ப்பள்ளி ஆசிரியை. ஒரு நிறுவனத்தின் 4,000 பங்குகளை, கமிஷன் எல்லாம் சேர்த்து 3,840 வெள்ளிக்கு வாங்கி வைத்திருந்தேன். 7 பங்குக்கு 2 உரிமைப் பங்கு, ஒன்று 50 காசு என்று அறிவித்தார்கள். உரிமை நாள் வெள்ளிக்கிழமை. முதல் நாள் வியாழன் விலை சரிந்திருந்ததால் மேலும் 600 பங்கு வாங்கினேன்; செலவு 501 வெள்ளி. வந்த அறிவிப்பில் எனக்குரிய உரிமைப் பங்கு 1,142 என்று இருந்தது; என் கணக்கில் 1,314 வருகிறது. கூடுதலாக 258 கேட்டு, மொத்தம் 700 வெள்ளி கட்டினேன். 1,200 கிடைத்திருக்கிறது. இப்போது செயலியில் 5,800 பங்கு, சராசரி 75 காசு என்று காட்டுகிறது. நான் போட்டால் 72 காசு. சந்தை விலை 79 காசு. நிறுவனம் என்னைக் குறைத்துவிட்டதா? லாபத்தில் விற்கலாமா?

பதில்: அம்மா, 1,142 என்ற எண்ணில் தவறில்லை. சராசரிதான் இரண்டு பக்கமும் தவறு. உங்கள் உண்மையான அடக்க விலை 85 காசுக்கு மேல்.

அறிவிப்பு கையில் வந்ததும் நான் முதலில் பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்ப்பேன். ஈப்போவில் ரெமிசியராக, அதாவது பங்குத் தரகு முகவராக, இருந்த காலத்தில் பிடித்துக்கொண்ட பழக்கம் இது. அறிவிப்பிலுள்ள எண்ணை 2-ஆல் வகுத்து 7-ஆல் பெருக்குங்கள்: 1,142 என்றால் 3,997. அடுத்த எண்ணான 1,143 கிடைக்க 4,000.5 பங்கு வேண்டும். ஆகவே, உரிமை நாளன்று உங்கள் பெயரில் பதிவாகியிருந்த பங்குகள் 3,997-க்கும் 4,000-க்கும் இடையில் இருந்திருக்க வேண்டும். நீங்கள் வாங்கியதெல்லாம் நூறு நூறாகத்தான்; அந்த இடைவெளிக்குள் அடங்கும் எண் 4,000 ஒன்றே. நிறுவனம் எந்த எண்ணை வைத்துக் கணக்கிட்டது என்பது தெரிந்துவிட்டது. வியாழனன்று வாங்கிய 600 அதில் இல்லை.

ஏன் இல்லை? பர்சா மலேசியாவில் வாங்கிய பங்கு இரண்டு சந்தை நாள் கழித்தே, உங்கள் பெயரில் பங்குகளைப் பதிந்து வைக்கும் சிடிஎஸ் கணக்குக்கு வந்து சேரும். 2019 ஏப்ரல் முதல் இதுதான் நடைமுறை. அதற்கு முன் மூன்று நாள். உரிமை நாள் வெள்ளி என்றால், அன்று மாலை 5 மணிக்குக் கணக்கில் இருப்பவருக்குத்தான் உரிமை. புதன்கிழமை வாங்கியவருக்கு வெள்ளியன்று வந்து சேர்ந்துவிடும். வியாழன் வாங்கியவருக்குத் திங்கட்கிழமைதான் வரும். அதனால்தான் உரிமை நாளுக்கு முந்தைய சந்தை நாளை எக்ஸ் நாள் என்கிறார்கள். அன்றிலிருந்து வாங்குகிறவருக்குப் பங்கு உண்டு, உரிமை கிடையாது. எண்ணுவது சந்தை நாட்களை மட்டுமே என்பதை மறக்கக் கூடாது. இடையில் தீபாவளி விடுமுறை விழுந்தால், நாட்காட்டியைப் பார்த்து எண்ணியவர் ஏமாந்துபோவார்.

அன்று விலை சரிந்ததற்கும் இதுவே காரணம். புதன்கிழமை விலை 92 காசு என்று வைத்துக்கொள்வோம். 7 பங்கின் மதிப்பு 6.44 வெள்ளி. அதோடு 1 வெள்ளி கட்டி இரண்டு புதிய பங்கு சேர்த்தால் 9 பங்குக்கு 7.44 வெள்ளி, ஒன்றுக்கு ஏறக்குறைய 83 காசு. உரிமையைக் கழற்றிய பங்கின் நியாயமான விலை அதுதான். கமிஷனோடு 83.5 காசுக்கு வாங்கிய உங்களுக்கு நட்டமும் இல்லை, அது மலிவும் இல்லை. உரிமை இல்லாத பங்கை உரிமை இல்லாத விலைக்கு வாங்கினீர்கள், அவ்வளவுதான்.

4,000-க்கு 1,142.86 வருகிறதே, அதை 1,143 ஆக்கக் கூடாதா என்று சிலர் கேட்பார்கள். பின்னத்தை விட்டுவிடுவது இங்கே வழக்கம். உரிமை வெளியீட்டோடு வரும் சுருக்க விளக்கக் கையேட்டில் எழுதியிருக்கும். முழு ஏழுகளை மட்டும் எண்ணினால், அதாவது 571 ஏழுகளுக்கு இரண்டிரண்டு என்று போட்டாலும், 4,000-க்கு அதே 1,142 கிடைக்கிறது. எல்லா எண்ணிலும் இப்படிப் பொருந்தாது. 4,150 பங்கு இருந்தால் ஒரு முறையில் 1,185, இன்னொரு முறையில் 1,184. இரண்டு சிடிஎஸ் கணக்கு வைத்திருப்பவருக்கு ஒவ்வொரு கணக்குக்கும் தனித்தனியே பின்னம் போகும். ஆயிரம் ஆயிரமாகப் பிரித்து வைத்திருந்தால் 285-உம் 285-உம் சேர்ந்து 570. ஒரே கணக்கில் 2,000 இருந்திருந்தால் 571. ஒன்றிரண்டு குறைந்தால் பின்னத்தின் வேலை என்று விட்டுவிடலாம். உங்களுக்கு இருந்ததைப் போல 172 குறைந்தால், எந்தத் தேதியில் எத்தனை பங்கு கணக்கில் இருந்தது என்பதைத்தான் பார்க்க வேண்டும். அதற்குச் சாட்சி செயலி அல்ல, சிடிஎஸ் கணக்கறிக்கை. செயலி வாங்கிய நொடியிலேயே பங்கைக் காட்டிவிடும். உங்களைக் குழப்பியது அதுதான்.

கிடைத்த 1,200 எப்படி வந்தது? உரிமையாக 1,142, கூடுதலாகக் கேட்ட 258-இல் 58. யாரோ எடுக்காமல் விட்ட பங்குகளைப் பங்கிடும்போது, நூறுக்குக் குறைந்த உதிரிகள் விழாமல் பார்த்துக்கொள்வது வழக்கமாக முதல் இடம் பெறும். மிச்சத்தை உரிமை நாளில் வைத்திருந்த பங்கு, கேட்ட அளவு ஆகியவற்றின் விகிதத்தில் கொடுப்பார்கள். உங்களுக்கு 58 கிடைத்ததும் எண் 1,200 என்று நூறில் முடிந்துவிட்டது. மீதி 200-க்கு இடம் இல்லாமல் போயிருக்கும். 4,600-உம் 1,200-உம் சேர்ந்து 5,800. இருப்பு எண்ணில் பிழை இல்லை.

இனி சராசரி. நீங்கள் போட்ட 72 காசு எப்படி வந்தது என்று ஊகிக்க முடிகிறது. பழைய சராசரி 4,341-ஐ 4,600-ஆல் வகுக்க 94.4 காசு, அதையும் 50 காசையும் கூட்டி இரண்டால் வகுத்திருக்கிறீர்கள். 94 காசுப் பங்கு 4,600 இருக்கிறது, 50 காசுப் பங்கு 1,200-தான். இரண்டையும் ஒரே எடையாக வைத்தால் தராசு பொய் சொல்லும். நாலு கிலோ வெங்காயமும் ஒரு கிலோ உருளைக்கிழங்கும் வாங்கிய கணக்கில் இந்தப் பிழையைப் பிள்ளைகள் செய்திருந்தால் நீங்களே சிவப்பு மையால் சுழித்திருப்பீர்கள்.

செயலியின் 75 காசு இதைவிட ஆபத்தானது, ஏனென்றால் இயந்திரம் காட்டுவதால் நம்பத் தோன்றும். 4,341-ஐ 5,800-ஆல் வகுத்துப் பாருங்கள்: 74.8 காசு. அதாவது செயலி பங்கைச் சேர்த்துக்கொண்டது, பணத்தைச் சேர்க்கவில்லை. காரணம் எளிது. உரிமைப் பங்குக்கான பணம் உங்கள் தரகு நிறுவனம் வழியாகப் போகவில்லை. படிவத்தோடு வங்கி ஆவணமாகப் பங்குப் பதிவாளருக்குப் போயிற்று. பங்கு மட்டும் சிடிஎஸ் கணக்கில் வந்து விழுந்தது. இலவசப் பங்கு வந்ததாகச் செயலி எண்ணிக்கொண்டது.

சரியான கணக்கு, கட்டிய பணத்தை வைத்து: பழைய பங்குகளுக்கு 3,840, வியாழன் வாங்கியதற்கு 501. உரிமைக்கு நீங்கள் கட்டிய 700-ஐ அப்படியே எழுதக் கூடாது. கிடைக்காத 200 பங்குக்கான 100 வெள்ளி திரும்பி வரும். ஆக 600. விண்ணப்பப் படிவத்தில் ஒட்டிய 10 வெள்ளி முத்திரையும் செலவுதான். மொத்தம் 4,951 வெள்ளி. அதை 5,800-ஆல் வகுத்தால் 85.4 காசு. வங்கி ஆவணத்துக்குக் கட்டணம் கொடுத்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். மூன்றாம் இலக்கத்தில்தான் அசையும்.

இந்த எண்ணை வைத்து விற்பனையைப் பாருங்கள். 79 காசுக்கு எல்லாவற்றையும் விற்றால் கைக்கு 4,582 வெள்ளி. செயலி 241 வெள்ளி லாபம் என்று சொல்லும். உண்மையில் 369 வெள்ளி நட்டம். இரண்டுக்கும் இடைவெளி 610. நீங்கள் உரிமைக்காகச் செலவழித்த அதே 610, செயலியின் கண்ணில் படாமல் போனது. விற்கும் கமிஷனையும் சேர்த்து, போட்ட முதல் தேற வேண்டுமானால் விலை சுமார் 86 காசு வர வேண்டும். அதுவரை காத்திருப்பதா, இப்போதே விற்பதா என்பது நிறுவனத்தைப் பார்த்து எடுக்க வேண்டிய முடிவு. 75 காசை வைத்து எடுக்காதீர்கள் என்பது மட்டும் என் பேச்சு. சேமிப்பாகப் பங்கு வைத்திருக்கும் தனிநபர் பர்சாவில் விற்கும் லாபத்துக்கு இங்கே வரி கட்டுவதில்லை. ஆகவே இந்தச் சராசரியை வேறு யாரும் சரிபார்த்துத் தரப்போவதில்லை. ஒரு நோட்டில் நீங்களே எழுதி வையுங்கள். சராசரியைத் திருத்தும் வசதி உங்கள் செயலியில் இருந்தால், அல்லது தரகர் திருத்தித் தருவார் என்றால், 0.8536 என்று போடச் சொல்லுங்கள்.

உங்கள் தோழியர் யாராவது சந்தையில் உரிமையை வாங்கியிருந்தால் அவர்கள் கணக்கு வேறு. பங்கின் குறும்பெயருக்குப் பின்னால் -OR என்று சில நாட்கள் மட்டும் ஓடுமே, அது உரிமைதான், பங்கு அல்ல. அதை 30 காசுக்கு வாங்கி, பிறகு 50 காசு கட்டியவருக்கு அடக்கம் 80 காசு. உரிமையை விற்றவர் வந்த பணத்தைத் தன் பழைய செலவிலிருந்து கழித்துக்கொள்ளலாம். எதுவும் செய்யாமல் விட்டவருக்குத்தான் பரிதாபம். தோட்ட அலுவலகத்துக்கு வந்த கடிதம் இரண்டு வாரம் மேசையில் கிடந்து, 2,000 உரிமை காலாவதியாகிப்போன ஒரு கங்காணியை எனக்குத் தெரியும். அவருடைய பங்கு குறையவில்லை, ஆனால் விலை உரிமையைக் கழித்துக்கொண்டு இறங்கியிருந்தது.

உங்களுக்கு மிச்சமிருக்கும் வேலை அந்த 100 வெள்ளி. விண்ணப்பத்தின் கடைசி நாளிலிருந்து 15 சந்தை நாளுக்குள் திருப்பித் தர வேண்டும், வட்டி கிடையாது. ஒதுக்கீட்டு அறிவிப்பு 8 சந்தை நாளுக்குள் அனுப்பப்படுவதால், பணம் அதற்குப் பின் வருவது இயல்பு. 15 நாளும் கடந்துவிட்டால் வங்கியையோ தரகரையோ கேட்டுப் பயனில்லை; ஒதுக்கீட்டு அறிவிப்பை எடுத்துக்கொண்டு அதிலுள்ள பங்குப் பதிவாளரின் எண்ணுக்கு அழைத்து, சிடிஎஸ் கணக்கு எண்ணையும் வங்கி ஆவணத்தின் எண்ணையும் சொல்லுங்கள்.