வகுப்புப் பதிவிலிருந்து நோட்ஸ்: அந்த 4 எங்கே போனது?

கேள்வி: வியாசர்பாடி பக்கம் காலேஜ். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ் வகுப்பை போனில் பதிவு செய்தேன், நடுநடுவே ரயில் சத்தம். சூத்திரம் தப்பாமல் நோட்ஸ் எடுப்பது எப்படி?

முதல் தடவை கேட்கும்போது எழுதாதீர்கள். தலைப்பு மாறும் இடங்களின் நிமிடத்தை மட்டும் குறித்துக்கொண்டால், அதுவே நோட்ஸின் எலும்புக்கூடு. ஒவ்வொரு சூத்திரத்துக்குப் பக்கத்திலும் அதைச் சொன்ன நேரத்தை எழுதுங்கள். காது சரியாகப் பிடிக்காத இடத்தில் கேள்விக்குறி போடுங்கள், ஊகித்து நிரப்ப வேண்டாம்.

குழாய் உராய்வு இழப்பையே எடுத்துக்கொள்வோம். நம்மூர்ப் புத்தகங்களில் இது இரண்டு விதமாக வரும்:

```
hf = 4fLV²/(2gD)
hf = fLV²/(2gD)
```

இரண்டும் சரிதான், ஆனால் f வேறு. முதலாவதில் உராய்வுக் கெழு, லாமினார் ஓட்டத்தில் 16/Re. இரண்டாவதில் உராய்வுக் காரணி, 64/Re. அந்த 'ஃபோர்' ரயில் சத்தத்தில் அமுங்கிவிட்டால் அலகுகளைச் சரிபார்த்தும் பயனில்லை, 4-க்கு அலகே கிடையாது.

அப்புறம் என்ன செய்வது? ஆடியோவில் கொஞ்சம் முன்னும் பின்னும் 0.75 வேகத்தில் ஓட்டி, 'சிக்ஸ்டீன்' என்றாரா, 'சிக்ஸ்டி ஃபோர்' என்றாரா என்று தேடுங்கள். Re = 1600 என்றால் 16/Re 0.01, 64/Re 0.04. கலந்து எழுதினால் விடை நான்கு மடங்கு கூடும், அல்லது கால்வாசியாகிவிடும். வகுப்பில் போட்ட கணக்கின் விடை பதிவில் இருந்தால், உங்கள் சூத்திரத்தில் அதே எண்களைப் போட்டுப் பாருங்கள். கேள்விக்குறியை அழிக்க அதைவிட நம்பகமான வழி இல்லை. கரும்பலகையில் எழுதிவிட்டு "இதுதான் ஃபார்முலா" என்று மட்டும் சொன்ன இடத்துக்கு ஆடியோ உதவாது, நண்பரின் நோட்டுதான்.