செக்கில் எண் ஒன்று, எழுத்து வேறு: எது செல்லும்?

கேள்வி: ஈரோட்டில் மஞ்சள் மண்டி வைத்திருக்கிறேன். சரக்கு எடுத்த ஒருவர் கொடுத்த செக்கில், எண்ணில் ரூ. 2,46,750.50 என்று சரியாக இருக்கிறது. எழுத்தில் ‘இரண்டு லட்சத்து ஆறாயிரத்து எழுநூற்று ஐம்பது மட்டும்’ என்று இருக்கிறது. ‘நாற்பத்து’ விட்டுப்போய்விட்டது, ஐம்பது பைசாவும் இல்லை. பாங்கில் திருப்பிவிட்டார்கள். ‘நீங்களே மேலே எழுதிக்கொள்ளுங்கள், பக்கத்தில் நான் கையெழுத்துப் போடுகிறேன்’ என்கிறார் அவர். எழுதலாமா? எழுத்தில் உள்ளதுதான் செல்லும் என்றால் என் 40,000 ரூபாய் போய்விடுமா? முழுத் தொகைக்கும் ரசீது வேறு கொடுத்துவிட்டேன். பைசா இருந்தால் எப்படி எழுதுவது?

பதில்: எழுதாதீர்கள். அவர் கையெழுத்துப் போட்டாலும் அந்தச் செக் உங்களுக்குப் பயன்படாது. ரிசர்வ் வங்கியின் சிடிஎஸ் முறையில் செக்கின் படம்தான் ஒரு வங்கியிலிருந்து இன்னொரு வங்கிக்குப் போகிறது, தாள் போவதில்லை. அந்த முறையில் தேதியைப் புதுப்பிப்பதைத் தவிர வேறு எந்தத் திருத்தமும் கூடாது. பெறுபவர் பெயர், எண்ணில் உள்ள தொகை, எழுத்தில் உள்ள தொகை, இவற்றில் எதை மாற்ற வேண்டுமானாலும் புதுத் தாளில்தான் எழுத வேண்டும். பக்கத்தில் கையெழுத்துப் போட்டுத் திருத்துவது ஒரு காலத்தில் நடந்தது. இன்றைக்கும் கவுன்டரில் பணமாக வாங்கும் செக்குக்கும், கிளியரிங் வழியாகப் போகாத செக்குக்கும் அந்தத் தடை இல்லை. ஆனால் உங்கள் வங்கி வேறு, அவர் வங்கி வேறு என்றால் அந்த வழி உங்களுக்கு இல்லை.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. மாற்றுமுறை ஆவணச் சட்டம், 1881, பிரிவு 87இன்படி, செக்கில் முக்கியமான மாற்றம் ஒன்றைச் செய்தால், அதற்குச் சம்மதிக்காதவருக்கு எதிராக அந்தச் செக் செல்லாமல் போய்விடும். இருதரப்பும் முதலிலேயே நினைத்திருந்ததை நிறைவேற்றத்தான் மாற்றினோம் என்றால் விலக்கு உண்டு. ஆனால் அதை நிரூபிக்க வேண்டியது நீங்கள். உங்கள் கையெழுத்தில் ‘நாற்பத்து’ என்று நுழைந்திருக்க, நாளைக்கு அவர் ‘நான் சொல்லவே இல்லை, அவராக எழுதிக்கொண்டார்’ என்றால் கடனைப் பற்றிய பேச்சு போய், நீங்கள் திருத்தினீர்களா இல்லையா என்பதே வழக்காகிவிடும்.

இனி உங்கள் 40,000 ரூபாய். எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தில் உள்ள தொகையே செக்கின் தொகை என்று அதே சட்டத்தின் பிரிவு 18 சொல்கிறது. பிராமிசரி நோட்டுக்கும் இதே விதிதான். எண்ணில் ஒரு சைபரைச் சேர்ப்பதும் புள்ளியை நகர்த்துவதும் எளிது, எழுத்தில் அப்படி எளிதாகக் கை வைக்க முடியாது என்பதால் சட்டம் எழுத்தை நம்புகிறது. ஆகவே சட்டத்தின் கண்ணில் உங்கள் கையில் இருப்பது ரூ. 2,06,750க்கான செக். அதை வைத்து அதற்கு மேல் கேட்க முடியாது.

ஆனால் பிரிவு 18 செக்கைப் பற்றித்தான் பேசுகிறது, கடனைப் பற்றிப் பேசவில்லை. மஞ்சள் போனது, பில் போட்டது, பாக்கி ரூ. 2,46,750.50 நிற்பது எல்லாம் அப்படியேதான் இருக்கின்றன. அந்தச் செக் பாஸ் ஆகியிருந்தால்கூட ரூ. 40,000.50 பாக்கி என்று நீங்கள் கேட்கலாம். பில்லும், சரக்கு அனுப்பிய ரசீதும், கணக்குப் புத்தகமும் அதற்குச் சாட்சி. விற்ற சரக்கின் விலைக்கு வழக்குப் போட 3 ஆண்டுகள் அவகாசம் உண்டு.

சட்டமே எழுத்தில் உள்ளதைக் கொடு என்று சொல்லும்போது வங்கி ஏன் திருப்புகிறது என்று பலர் கேட்பார்கள். எழுத்துப்படி கொடுத்துவிட்டு, அப்புறம் செக் கொடுத்தவர் ‘நான் சொன்னது வேறு தொகை’ என்று வந்து நிற்பதை வங்கிகள் விரும்புவதில்லை. திருப்பிவிட்டால் அந்தத் தலைவலி இல்லை. என்னைக் கேட்டால் உங்கள் விஷயத்தில் அது நல்லதுதான். பாஸ் ஆகியிருந்தால் மீதி நாற்பதாயிரத்துக்காக நீங்கள் தனியாக அலைய வேண்டியிருக்கும்.

எனவே புதுச் செக் கேளுங்கள், அல்லது ஆர்டிஜிஎஸ் செய்யச் சொல்லுங்கள். 2 லட்சத்துக்கு மேல் இருப்பதால் அதில் அனுப்பலாம். பழைய செக்கைப் புதுச் செக் கைக்கு வந்த பிறகே திருப்பிக் கொடுங்கள். அதற்கு முன் இரண்டு பக்கமும் ஜெராக்ஸ் எடுத்து, வங்கி கொடுத்த ரிட்டர்ன் மெமோவோடு வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தச் செக்கை வைத்துப் பிரிவு 138இல் வழக்குப் போடலாமா என்று கேட்கத் தோன்றும். வேண்டாம் என்பேன். அந்தப் பிரிவு கணக்கில் பணம் போதாமல் திரும்பும் செக்குக்காக வந்தது. நீதிமன்றங்கள் கையெழுத்து வேறுபாடு போன்றவற்றுக்கும் அதை நீட்டியிருக்கின்றன என்றாலும், எழுத்தில் ஒரு சொல் விட்டுப்போனதைக் குற்றமாக்குவது கடினம். அதைவிட, 138 நோட்டீஸில் செக்கின் தொகையைச் சரியாகக் கேட்க வேண்டும். செக் ஒரு கோடிக்கு, நோட்டீஸ் இரண்டு கோடிக்கு என்று வந்த ஒரு வழக்கில், தட்டச்சுப் பிழை என்ற சமாதானத்தை உச்ச நீதிமன்றம் 2025 செப்டம்பரில் ஏற்கவில்லை. உங்கள் செக்கை வைத்து எந்தத் தொகையைக் கேட்பீர்கள்? 2,46,750.50 என்றால் பிரிவு 18 குறுக்கே நிற்கும். 2,06,750 என்றால் உங்கள் பாக்கியை நீங்களே குறைத்துக்கொண்டது போலாகும். புதுச் செக் வாங்கி, அது பணமில்லாமல் திரும்பினால் அப்போது 138 சுத்தமாகப் பொருந்தும். மெமோ வந்த 30 நாளுக்குள் நோட்டீஸ் போக வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள்.

புதுச் செக்கில் தொகையை இப்படி எழுதச் சொல்லுங்கள்:

*இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று ஐம்பதும் பைசா ஐம்பதும் மட்டும்*

செக்கில் ‘ரூபாய்’ என்பது இந்தியிலும் ஆங்கிலத்திலும் அச்சாகியே இருக்கும். அதையொட்டி, இடம் விடாமல் தொடங்க வேண்டும். முன்னால் இடம் இருந்தால் ‘ஆறாயிரம்’ என்பதற்கு முன் ‘ஒரு லட்சத்து’ ஏறிக்கொள்ள முடியும். ‘நாற்பத்தாறாயிரத்து’ என்று சேர்த்து எழுதச் சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. ‘நாற்பத்து ஆறாயிரத்து’ என்று பிரித்து எழுதும்போதுதான் ஒரு துண்டு விட்டுப்போகிறது. விட்டுப்போனாலும் மிச்சம் சரியான தொகை மாதிரியே படிக்கிறது. உங்கள் செக்கில் நடந்தது அதுதான். சேர்த்து எழுதினால் பாதிச் சொல் கண்ணில் உறுத்தும். 90, 900, 9,000 ஆகிய மூன்றும் இன்னொரு தடுமாற்றம். தொண்ணூறு, தொள்ளாயிரம், ஒன்பதாயிரம் என்று எழுதிவிட்டு எண்ணோடு ஒருமுறை ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது.

‘மட்டும்’ எப்போதும் கடைசியில், பைசாவுக்கும் பிறகு. ‘ஐம்பது மட்டும் பைசா ஐம்பது’ என்று எழுதினால் ரூபாயோடு தொகை முடிந்ததா, பைசா பிறகு சேர்ந்ததா என்ற கேள்வி வரும். மிச்ச இடத்தில் ஒரு கோடு இழுத்துவிடுங்கள். எண்ணில் பைசாவுக்கு இரண்டு இடமும் வேண்டும்: .50 என்று எழுதுங்கள், .5 வேண்டாம். ஐந்து பைசா என்றால் .05, எழுத்தில் ‘பைசா ஐந்து’. பைசா இல்லாவிட்டால் எண்ணில் .00 அல்லது /- போட்டு, எழுத்தில் பைசாவைப் பற்றி எதுவும் எழுதாமல் ‘மட்டும்’ என்று முடித்தால் போதும்.

தமிழில் எழுதிய செக் செல்லும். வாடிக்கையாளர் ஆங்கிலம், இந்தி, அந்தந்த மாநில மொழி ஆகிய எதிலும் எழுதலாம் என்பது ரிசர்வ் வங்கியின் அறிவுரை. ஆனால் அவருடைய கணக்கு வெளிமாநிலத்தில் இருந்தால் ஆங்கிலத்தில் ‘அண்ட் பைசே ஃபிஃப்டி ஒன்லி’ என்று முடிப்பதே வசதி. பைசா இருக்கிறது என்பதற்காகச் செக்கைத் திருப்பக்கூடாது என்றும் வங்கிகளுக்குச் சொல்லப்பட்டிருக்கிறது. யாராவது ‘ரவுண்டு பண்ணிக் கொண்டுவாங்க’ என்றால் இதைச் சொல்லுங்கள். 37 பைசாவுக்குக்கூடச் செக் எழுதலாம், கணக்கில்தானே ஏறப்போகிறது.

கடைசியாக, ரசீது. பிரிவு 18 ரசீதுக்குப் பொருந்தாது. ரசீது ஒரு சாட்சியம், அவ்வளவுதான். அதில் எண்ணும் எழுத்தும் வேறுபட்டால் எழுத்தே வெல்லும் என்ற கட்டாயம் இல்லை. எவ்வளவு வாங்கினீர்கள் என்பதை மற்ற ஆதாரங்களாலும் வாய்மொழிச் சாட்சியாலும் காட்டலாம். ரொக்க ரசீதில் பைசா எழுதும்போது ஒன்றைக் கவனியுங்கள். 25 பைசாவும் அதற்குக் கீழுள்ள நாணயங்களும் 2011 ஜூன் 30 முதல் செல்லாது. ‘ரொக்கமாக ரூ. 10,412.37 பெற்றேன்’ என்ற ரசீது கோர்ட்டில் வந்தால், அந்த 37 பைசாவை எந்தக் காசில் வாங்கினீர்கள் என்பதுதான் குறுக்கு விசாரணையின் முதல் கேள்வியாக இருக்கும்.

நீங்கள் கொடுத்த ரசீதில் செக் நம்பர் இருக்கிறதா என்று உடனே பாருங்கள். இருந்தால் பெரிய பயம் இல்லை. வேறு ஏற்பாடு இல்லாவிட்டால், செக் கொடுப்பது அது பணமாகும் என்ற நிபந்தனையோடு கொடுப்பதுதான். வெறும் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று இருந்தால், ரொக்கமாகவே தந்துவிட்டேன் என்று அவர் சொல்ல இடம் இருக்கிறது. அந்த ரசீதைத் திரும்ப வாங்கிக் குறுக்கே ‘ரத்து’ என்று எழுதி வையுங்கள். தராவிட்டால், செக் திரும்பிய நாளையும் ரசீது எண்ணையும் குறிப்பிட்டு, பணம் வரவில்லை என்று பதிவுத் தபாலில் ஒரு கடிதம் அனுப்புங்கள். புது ரசீது இப்படி இருக்கலாம்:

*காசோலை எண் ______, நாள் ______, ______ வங்கி மூலம் ரூ. 2,46,750.50 (ரூபாய் இரண்டு லட்சத்து நாற்பத்தாறாயிரத்து எழுநூற்று ஐம்பதும் பைசா ஐம்பதும் மட்டும்) பெறப்பட்டது. காசோலை பணமான பிறகே இந்த ரசீது செல்லும்.*

5,000 ரூபாய்க்கு மேல் என்பதால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, அதன் மேல் கையெழுத்து விழும்படி போடுங்கள். செக் வாங்கியதற்குத் தரும் ரசீதுக்கும் ஸ்டாம்ப் உண்டு. பழைய ரசீதில் ஸ்டாம்ப் ஒட்டவில்லை, அதனால் அது செல்லாது என்று நினைத்து விட்டுவிடாதீர்கள். ஸ்டாம்ப் இல்லாத ரசீதையும் ஒரு ரூபாய் அபராதம் கட்டி, அதைக் கொடுத்தவருக்கு எதிராகக் கோர்ட்டில் தாக்கல் செய்ய முடியும். இங்கே கொடுத்தவர் நீங்கள்.