சாதனை எழுதினால் புழுகுவது போலத் தோன்றுகிறதா?

கேள்வி: பதவி உயர்வு விண்ணப்பத்தில் "நீங்கள் சாதித்தவை" என்ற இடத்தில் எதை எழுதினாலும் புழுகுகிற மாதிரி இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதிவேட்டைத் திறவுங்கள். நான் யாழ்ப்பாணத்தில் கணிதம் படிப்பிக்கிறேன், "மாணவர் முன்னேற்றத்துக்கு உதவினேன்" என்று எழுதிவிட்டு வெட்கப்பட்டு அதையும் அழித்த ஆள்தான். அப்புறம் புள்ளிப் பதிவேட்டை எடுத்து எண்ணினேன்: பதினோராம் ஆண்டில் 34 பேர், முதலாம் தவணையில் 35 புள்ளியைத் தாண்டியவர்கள் 11, இரண்டாம் தவணையில் 19. உடனே மனம் சொன்னது, "அது ரியூசன் வாத்திமார் செய்தது, இல்லாவிட்டால் வினாத்தாள் இலகு."

சரி, சந்தேகம் நியாயம்தான், அதையே சோதித்துப் பார்க்கலாமே. அதே வினாத்தாள்களை எழுதிய பக்கத்து வகுப்பில் கூடியது 2 பேர்தான். என் வகுப்பில் கூடிய 8 பேரில் 6 பேர் நான் பாடசாலையில் வைத்த மாலை வகுப்புக்கு ஒழுங்காக வந்தவர்கள். ரியூசனின் பங்கை இதிலும் பிரிக்க முடியாது, அதனால் "என்னால் கூடியது" என்று எழுதாமல் மாலை வகுப்பு நடத்தியதையும் இந்த எண்களையும் மட்டும் எழுதினேன். கை கூசவில்லை.

சக ஆசிரியர்களிடம் "நான் எப்படி?" என்று கேட்டால் மரியாதைக்கு நல்ல வார்த்தைதான் வரும். "நான் பிரசவ லீவில் நின்ற தவணையில் எது தடைப்பட்டது?" என்று கேட்டேன். நேரசூசி போட ஆளில்லாமல் இரண்டு கிழமை இழுபட்டதாம். அதை நான் ஒரு வேலையாகவே எண்ணியிருக்கவில்லை.