மூழ்கிய நகைக்கு எதுவரை வட்டி எழுதுவது?

கேள்வி: அப்பாவின் அடகுக் கடைக் கணக்கை இப்போது நான் பார்க்கிறேன். திருப்பாத நகைகளுக்கும் மாதாமாதம் வரவேண்டிய வட்டி என்று எழுதிக்கொண்டே வருகிறோம். வருடம் முடிந்து மூழ்கியதும் நகையை எங்கள் சரக்கு இருப்பில் சேர்த்துவிடுகிறோம். ஆடிட்டர் இரண்டும் தப்பு என்கிறார். என்ன தப்பு?

பதில்:

தஞ்சாவூர்ப் பக்கம் மூன்று சின்ன அடகுக் கடைகளுக்குப் பல வருடங்களாகக் கணக்கு எழுதுகிறேன். மூன்றிலும் ஒரு காலத்தில் இதே பழக்கம் இருந்தது. ஆடிட்டர் சொல்வதுதான் சரி.

முதலில் நகை. 'மூழ்கிவிட்டது' என்று நாம் சொன்னாலும் நகை நம்முடையதாகிவிடுவதில்லை. சீட்டில் இருக்கும் ஒரு வருடம் ஏழு நாள் கடந்தால், முறைப்படி அறிவிப்புக் கொடுத்து ஏலம் விடும் உரிமை மட்டும்தான் நமக்கு வருகிறது. ஏலத்தில் விற்கும்வரை வைத்தவர் வந்து அசலும் வட்டியும் கட்டினால் திருப்பிக் கொடுத்தாக வேண்டும். 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டமே அப்படித்தான் சொல்கிறது. அடகு பிடித்தவர் தனக்குத்தானே விற்றுக்கொள்வது விற்பனையே ஆகாது என்று 2022இல் உச்ச நீதிமன்றமும் சொன்னது. அது பங்குகளை அடகு வைத்த வழக்கு, ஆனால் சட்டம் ஒன்றுதான்.

அதனால் ஐந்தொகையில் உங்கள் சொத்து, கொடுத்த கடனும் அதற்கான வட்டியும் மட்டுமே. நகை அடகுப் பதிவேட்டில் எடையோடு நிற்கும், சரக்கு இருப்பில் வராது. சரக்காகக் காட்டினால், பிறகு ஒருநாள் அந்த அம்மா சீட்டோடு வந்து நிற்கும்போது உங்கள் கணக்குப்படி நீங்கள் அவருடைய சங்கிலியை அவருக்கே 'விற்க' வேண்டியிருக்கும்.

அடுத்தது வட்டி. ரொக்க முறையில் எழுதும் கடைகள் உண்டு. கையில் வந்தால்தான் வட்டி வரவு. தனிநபர் கடைக்கு அது செல்லும். ஆனால் ஒரு வருடம் இப்படி, மறு வருடம் அப்படி என்று மாற்றக்கூடாது. நீங்கள் சேர்ந்துவரும் வட்டியை எழுதுகிறீர்கள், சரி. அந்த முறைக்கு ஒரு கட்டுப்பாடு இருக்கிறது: வசூலாகும் என்ற நியாயமான உறுதி இருக்கும்வரைதான் வருமானமாக எழுதலாம். பேங்கில் இதற்கு நாள் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் கடையில் அந்த உறுதியைத் தருவது பெட்டியில் இருக்கும் தங்கம்தான். அசலும் வட்டியும் சேர்ந்து அந்தத் தங்கத்தின் விலையைத் தொட்டால், அதற்குமேல் எழுதும் வட்டி வெறும் எண்.

ஒரு சீட்டைப் போட்டுப் பார்ப்போம். ஜூலை 10இல் ஒரு லட்சம் கொடுத்தோம். நூற்றுக்கு மாதம் ஒண்ணேகால் ரூபாய், அதாவது வருடத்துக்கு 15 சதவீதம், தனி வட்டி. மார்ச் 31 வரை 264 நாள். அதற்கு வட்டி 10,849 ரூபாய். அன்றைக்குத் தங்கம் போதுமான விலையில் இருந்ததால் அதை வருமானமாக எழுதியது சரிதான்.

அடுத்த ஜூலையில் கெடு முடிந்தது, ஆள் வரவில்லை. அறிவிப்பு அனுப்பி, ஏலம் விடும்போது செப்டம்பர் 20 ஆகிவிட்டது. ஏப்ரலிலிருந்து அன்று வரை இன்னும் 7,110. ஆக மொத்த வட்டி 17,959. அசலோடு சேர்த்து 1,17,959.

ஏலத்தில் 1,31,000 வந்தது, ஏலச் செலவு 1,200 என்று வைத்துக்கொள்வோம். நம் பாக்கி போக மீதி 11,841. இதை லாபத்தில் போட்டுவிடுவதுதான் நான் அதிகம் பார்த்த தவறு. இது வைத்தவருடைய பணம். அவர் பெயரில் கொடுக்கவேண்டிய தொகையாகப் பேரேட்டில் நிறுத்தி, அவருக்கும் தெரிவிக்க வேண்டும்.

இப்போது விலை இறங்கிவிட்டது, ஏலத்தில் 1,08,000தான் வந்தது என்று பாருங்கள். செலவு போக 1,06,800. அசல் ஒரு லட்சம் போனால் வட்டிக்கு 6,800 மட்டும். போன வருடம் 10,849 எழுதியிருக்கிறோம், அதில் 4,049 வராக்கடனாகப் போக வேண்டும். இந்த வருடத்து 7,110ஐ எழுதாமல் நிறுத்தி வைத்திருந்தால் விஷயம் இதோடு முடிந்தது. மாதாமாதம் எழுதியிருந்தால் அதையும் சேர்த்து 11,159 அடிக்க வேண்டும். குறைந்த தொகையை வைத்தவரிடம் கேட்கச் சட்டப்படி உரிமை உண்டு. நடைமுறையில் யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை.

எப்போது நிறுத்துவது? மார்ச் 31 அன்றும், கெடு முடியும் அன்றும் நான் ஒவ்வொரு பழைய சீட்டையும் எடுத்துப் பார்ப்பேன். மொத்த எடையில் கல்லையும் அரக்கையும் கழித்து நிகர எடை எடுத்து, அன்றைக்குப் பழைய தங்கம் வாங்கும் விலையால் பெருக்கவேண்டும். நகைக்கடைப் பலகையில் எழுதியிருக்கும் விலையை எடுக்காதீர்கள். உருக்கினால் மாற்று குறையும், அந்த விலை கிடைக்காது. வரும் தொகையை அசல், வட்டியோடு ஒப்பிட்டு, இடைவெளி மூன்று நான்கு மாத வட்டிக்குக் கீழே வந்தால் வருமானத்தில் எழுதுவதை நிறுத்திவிடுவேன். அந்த அளவு என் கைப்பழக்கம், சட்டம் அல்ல. வட்டி ஓடுவது நிற்காது. அது பதிவேட்டில் குறிப்பாக இருக்கும், ஆள் வந்து கட்டினால் அன்றைக்கு வரவு. 2013 ஏப்ரலில் தங்கம் இரண்டு மூன்று நாளில் சரிந்தபோது, இப்படிப் பார்க்காத கடைகளின் வரவேண்டிய வட்டிக் கணக்கு அப்படியே வீங்கிப்போய் நின்றது.

இன்னொன்றையும் பார்த்துவிடுங்கள், ஏனென்றால் அப்பா காலத்துக் கணக்கில் இது இருக்க வாய்ப்பு அதிகம். கெடு முடியும் சீட்டை 'மாற்றி வைப்பது'. ஆள் வந்து வட்டியை ரொக்கமாகக் கட்டி மாற்றி வைத்தால் பிரச்சினை இல்லை. ஆள் வராமலே கடைக்காரரே பழைய சீட்டை அடைத்து 1,15,000க்குப் புதுச் சீட்டுப் போடுவதும் உண்டு. குறிப்பேட்டில் அசல் வரவு ஒரு லட்சம், வட்டி வரவு 15,000, புதுக் கடன் பற்று 1,15,000. கல்லாவில் ஒரு பைசா அசையவில்லை, ஆனால் வட்டி வசூலானது போலத் தெரியும். அடுத்த வருடம் அந்த 15,000க்கும் வட்டி ஓடும், தனி வட்டி கூட்டு வட்டியாகிவிடும். மூழ்க வேண்டிய சீட்டு புதுசு போல நிற்பதால் மேலே சொன்ன சோதனையிலும் மாட்டாது.

கண்டுபிடிப்பது கஷ்டமில்லை. ஒரே நாளில் ஒரு சீட்டு அடைப்பும் ஒரு புதுச் சீட்டும், நிகர எடை மில்லிகிராம் வரை ஒன்றே, புதுச் சீட்டின் அடிக்கட்டையில் கையெழுத்து இல்லை. மார்ச் கடைசி வாரத்தையும் ஆடி மாதத்தையும் முதலில் புரட்டுங்கள். அப்படிக் கிடைப்பவற்றைப் பழைய தேதிக்கும் பழைய அசலுக்கும் திருப்பி, வராத வட்டியைக் கழித்துவிட்டு ஆடிட்டரிடம் கொண்டுபோங்கள். சரக்கில் ஏற்றிய நகைகளையும் அதே கையோடு பதிவேட்டுக்கு மாற்றி, எதற்கெல்லாம் அறிவிப்பு போகவில்லை என்று பாருங்கள். அறிவிப்பு போகாமலே விற்றது ஏதாவது இருந்தால் அதைத் தனியாக எழுதி வையுங்கள். ஆடிட்டரைவிட வக்கீலிடம் முதலில் காட்ட வேண்டியது அது.