ஜி.டி.யில் ஒரு கோடும் ஒரு வட்டமும்

அன்புள்ள ஐயா,

விருதுநகர் பக்கம் ஒரு கல்லூரியில் மெக்கானிக்கல் இறுதியாண்டு படிக்கிறேன். பத்தாவது வரை தமிழ்வழி. ஆப்டிட்யூட் கணக்குகள் அறையில் உட்கார்ந்து போட்டால் வந்துவிடுகின்றன. கேம்பஸ் வேலைக்கான தேர்வில் பாதிக்கு மேல் தொட முடியவில்லை. போன மாதம் எப்படியோ அதைத் தாண்டி ஜி.டி. என்கிற குழு விவாதத்துக்குப் போனேன். வாய் திறப்பதற்குள் முடிந்துவிட்டது. அடுத்த டிரைவுக்கு மூன்று வாரம் இருக்கிறது. என்ன செய்யட்டும்?

ம.

அன்புள்ள ம.,

உங்களுக்குக் கணக்கு தெரியாமல் இல்லை. பள்ளிக்கூட முறையிலேயே இன்னும் போட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அதில் விடை சரியாக வரும், ஆனால் மூன்று நிமிடம் ஆகும். இந்தத் தேர்வுகளில் பெரும்பாலும் ஒரு கேள்விக்கு ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் கிடைக்கும்.

ஒன்றைப் போட்டுப் பார்ப்போம். ஒரு வேலையைக் கண்ணன் தனியாக 12 நாளிலும் வேலு தனியாக 18 நாளிலும் முடிப்பார்கள். இருவரும் சேர்ந்து தொடங்குகிறார்கள். வேலை முடிவதற்கு 3 நாள் முன்பு கண்ணன் நின்றுவிடுகிறார். மொத்தம் எத்தனை நாள் ஆகும்? நாம் உடனே 1/12, 1/18 என்று பின்னம் எழுதி சமன்பாடு போட ஆரம்பிப்போம். அதை விடுங்கள். 12, 18 இரண்டுக்கும் மீ.சி.ம. 36. மொத்த வேலையை 36 செங்கல் என்று வைத்துக்கொள்ளுங்கள். கண்ணன் நாளுக்கு 3 செங்கல் வைப்பார், வேலு 2. கண்ணன் நிற்காமல் இருந்திருந்தால் அந்த 3 நாளில் இன்னும் 9 செங்கல் வைத்திருப்பார். ஆக 45 செங்கல், நாளுக்கு 5 வீதம் 9 நாள். சரிதானா என்று பார்க்க வேலுவின் 9 நாளுக்கு 18, கண்ணனின் 6 நாளுக்கு 18, கூட்டினால் 36. குழாய், தொட்டி கணக்கும் இதே வழிதான். தண்ணீரை வெளியேற்றும் குழாய்க்கு மட்டும் கழித்துக்கொள்ள வேண்டும்.

மாதிரித் தேர்வு எழுதி முடித்ததும் எல்லோரும் தப்பான கேள்விகளைத்தான் புரட்டுவார்கள். நீங்கள் சரியாகப் போட்டும் இரண்டு நிமிடத்துக்கு மேல் இழுத்தவற்றை ஒரு நோட்டில் எழுதுங்கள். உங்கள் மதிப்பெண் போகிற ஓட்டை அங்கேதான் இருக்கிறது. மறுநாள் அவற்றை மட்டும் வேறு வழியில் போட்டுப் பாருங்கள். தேர்வில், வழி சட்டென்று தெரியாத கேள்வியை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போய்விட வேண்டும். ஆனால் சில தேர்வுகளில் ஒரு கேள்வியைத் தாண்டினால் திரும்பி வர முடியாது. சிலவற்றில் ஒவ்வொரு பகுதிக்கும் தனி கட்ஆஃப் உண்டு. அதனால் முதல் திரையில் இருக்கும் விதிமுறைகளைப் படிக்காமல் தொடங்காதீர்கள்.

அப்புறம் ஜி.டி. நான் வேலை பார்த்த இடத்திலிருந்து சில வருடம் கல்லூரிகளுக்கு ஜி.டி. நடத்தப் போயிருக்கிறேன். என் கையில் இருந்த தாளில் மாணவர்களின் இருக்கை எண்கள் வட்டமாக எழுதியிருக்கும். ஒருவர் பேசினால் அவர் எண்ணுக்குப் பக்கத்தில் ஒரு கோடு. அதுவரை யாரும் சொல்லாததைச் சொன்னால் அந்தக் கோட்டைச் சுற்றி ஒரு வட்டம். பத்துப் பேர், 12 நிமிடம் என்றால் ஆளுக்கு 72 நொடிதான் வரும். அதாவது இருபது இருபத்தைந்து நொடியாக மூன்று முறை. ஒவ்வொரு முறையும் நாலு வாக்கியம் பேசினால் போதும்.

முதல் இரண்டு நிமிடம் சந்தைக்கடை மாதிரி இருக்கும். அதில் முண்டியடிக்க வேண்டாம். சொன்னதையே சொல்ல ஆரம்பிக்கும்போது இரைச்சல் தானாகக் குறையும். அப்போது ஒருவர் வாக்கியத்தை முடிக்கும் இடத்தில் அவருடைய கடைசி வார்த்தையைப் பிடித்துக்கொண்டு உள்ளே வாருங்கள். ஆங்கிலம் தடுமாறுவது பெரும்பாலும் நீளமான தமிழ் வாக்கியத்தை மனசுக்குள் மொழிபெயர்ப்பதால்தான். சின்னச் சின்ன வாக்கியமாக யோசியுங்கள். ஹாஸ்டலில் ஆறு பேர் உட்கார்ந்து, நடுவில் போனை ரெக்கார்டிங்கில் வைத்து, 12 நிமிடம் பேசிப் பாருங்கள். பிறகு கேட்டு, ஒவ்வொருவருக்கும் கோடும் வட்டமும் போடுங்கள். யார் எத்தனை முறை பழையதையே சொன்னார்கள் என்பது அப்போதுதான் தெரியும்.

ஒரு முறை வீட்டிலிருந்து வேலை பார்ப்பது பற்றி ஜி.டி. வைத்தோம். போக்குவரத்து நேரம் மிச்சம் என்று நாலு பேர், கவனம் சிதறும் என்று மூன்று பேர். ஓரத்தில் இருந்த மெக்கானிக்கல் மாணவி ஆறு நிமிடம் பேசவேயில்லை. ஒருவர் "டைம் இஸ் சேவ்ட்" என்று முடித்ததும், "யாருக்கு நேரம் மிச்சம்?" என்று ஆங்கிலத்தில் கேட்டார். நாம் கம்ப்யூட்டர் வேலையை மட்டுமே பேசுகிறோம், லேத் ஓட்டுகிறவர் அதை வீட்டுக்கு எடுத்துப்போக முடியாதே என்றார். இலக்கணம் ஓரிடத்தில் பிசகியது. அதன் பிறகு எல்லோரும் அவர் சொன்னதை ஒட்டியே பேசினார்கள். கடைசி வரை அவருக்கு இரண்டு கோடுதான், இரண்டிலும் வட்டம். அவரை அடுத்த சுற்றுக்கு எடுத்துக்கொண்டோம்.