ஒரு முள், மூன்று வரிசை எண்கள்: எதைப் படிப்பது?

கேள்வி: கார் பேட்டரியில் வைத்து எடுத்த அனலாக் மல்டிமீட்டர் போட்டோ இது. சுவிட்ச் டிசி வோல்ட் 50-இல் இருக்கிறது. ஒருவர் 63 என்கிறார், ஒருவர் 2.5 என்கிறார், நான் 12 என்று நினைக்கிறேன். எது சரி?

பதில்:

மூன்று பேரும் பார்த்தது ஒரே இடத்தைத்தான். எண் வரிசைதான் வேறு. 250 வரிசையில் படித்தவருக்கு 63, 10 வரிசையில் படித்தவருக்கு 2.5, 50 வரிசையில் படித்த உங்களுக்கு 12 சொச்சம். சுவிட்ச் 50-இல் இருப்பதால் முள் வலது ஓரம் வரை போனால் 50 வோல்ட் என்று அர்த்தம். ஆகவே வலது ஓரத்தில் 50 என்று முடியும் வரிசைதான் உங்களுடையது. சுவிட்ச் போட்டோவில் தெரியாமல் போயிருந்தால் யாராலும் பதில் சொல்லியிருக்க முடியாது.

உச்சியில் இருக்கும் வளைவைத் தொடவே வேண்டாம். அது ஓம் அளவுகோல். வலது ஓரத்தில் பூஜ்யம், இடப்பக்கம் போகப் போகக் கோடுகள் நெருங்கிவிடும். கீழே சிவப்பில் இருப்பது ஏசிக்கு. நமக்கு வேண்டியது கோடுகள் சம இடைவெளியில் இருக்கும் கறுப்பு வளைவு.

இனி கோடுகளுக்கு நடுவே படிப்பது. 50 வரிசையில் 10-க்கும் 20-க்கும் இடையில் எத்தனை சின்னக் கட்டங்கள் என்று எண்ணுங்கள். உங்கள் மீட்டரில் பத்து. பத்து வோல்ட்டைப் பத்துக் கட்டமாகப் பிரித்தால் கட்டத்துக்கு 1 வோல்ட். பள்ளியில் மீச்சிற்றளவு என்று படித்தது இதைத்தான். ஆனால் வரிசை மாறினால் இதுவும் மாறும்: அதே கட்டம் 250 வரிசையில் 5 வோல்ட், 10 வரிசையில் 0.2 வோல்ட். எண்ணாமல் "ஒரு கட்டம் ஒரு வோல்ட்" என்று மனப்பாடம் செய்துகொண்டவர்கள்தான் ரேஞ்ச் மாற்றியதும் சறுக்குகிறார்கள்.

உங்கள் முள் 10-ஐத் தாண்டி இரண்டாவது கோட்டையும் கடந்து, மூன்றாவதை எட்டாமல் நிற்கிறது. அதாவது 12-க்கும் 13-க்கும் நடுவே. அந்தக் கட்டத்தை மனசுக்குள் ஐந்தாகப் பிரித்துப் பாருங்கள். பத்தாகப் பிரிக்க முயல்வது கண்ணுக்கு அதிகப்படியான வேலை. முதல் பார்வையில் முள் இரண்டு பங்கு தாண்டியிருக்கிறது, அதாவது 12.4.

ஆனால் உங்கள் போட்டோ நேராக எடுத்ததில்லை. அளவுகோலுக்கு அடியில் வளைந்து போகும் கண்ணாடிப் பட்டையைப் பாருங்கள். அதில் முள்ளின் பிம்பம் தனியாக, 12.8-க்கு நேரே தெரிகிறது. நேர் மேலே இருந்து பார்த்தால் முள் பிம்பத்தை மறைத்துவிடும். இரண்டும் தெரிந்தால் இடமாறு தோற்றப்பிழை இருக்கிறது. முள் டயலுக்குச் சற்று மேலே மிதப்பதால், கேமரா வலப்பக்கம் சாய்ந்தால் முள் இடப்பக்கம் தள்ளித் தெரியும். பிம்பமோ ஏறக்குறைய அதே அளவு எதிர்ப்பக்கம் தள்ளும். எனவே உண்மையான இடம் இரண்டுக்கும் நடுவே: 12.6. நேரில் பார்க்கிறவர் தலையை நகர்த்திக்கொள்வார், போட்டோவில் அது முடியாது. அதனால் இந்த நடுப்புள்ளிக் கணக்கு எனக்குப் பலமுறை கைகொடுத்திருக்கிறது.

சரி, 12.6. நல்ல சார்ஜில் இருக்கும் கார் பேட்டரி என்று சந்தோஷப்படலாமா? கொஞ்சம் பொறுங்கள். இந்த வகை மீட்டர்களில் பிழை வரம்பு பெரும்பாலும் முழு அளவில் 3 சதவீதம். படித்த மதிப்பில் இல்லை, 50-இல். ஆக 1.5 வோல்ட் இப்படியோ அப்படியோ போகலாம். முழு சார்ஜ் பேட்டரி சுமார் 12.6, காலியானது 12-க்குக் கீழே. வித்தியாசமே பிழையை விடச் சின்னது! ரேஞ்சைக் குறைத்தால் பிழை சுருங்கும், ஆனால் உங்கள் மீட்டரில் அடுத்த ரேஞ்ச் 10 வோல்ட். அதில் 12 வோல்ட்டை வைத்தால் முள் ஓரத்தில் போய் முட்டும். நானே ஒருமுறை இப்படிப்பட்ட மீட்டரில் 11.8 என்று படித்துவிட்டு, நன்றாக இருந்த பேட்டரியை மாற்றியிருக்கிறேன். அப்புறம் பழையதை டிஜிட்டல் மீட்டரில் வைத்தால் 12.5 காட்டியது.

வயர்களைக் கழற்றிவிட்டு, மீட்டரை அதே நிலையில் வைத்து இன்னொரு போட்டோ எடுத்துப் போடுங்கள். முள் பூஜ்யத்தில் நிற்காமல் அரைக் கட்டம் வலப்பக்கம் நின்றால் 12.6-இல் இருந்து 0.5-ஐக் கழிக்க வேண்டும். அதைச் சரிசெய்ய முள்ளின் அடிப்பக்கம் ஒரு சின்ன பிளாஸ்டிக் திருகு இருக்கும்.